புதிய தொலைக்காட்சியில் 4கே வரவில்லை: போர்ட்டா, ரிசீவரா, கேபிளா?

அக்கா மகன் சென்ற மாதம் 55 அங்குல 4கே தொலைக்காட்சி வாங்கினான். பழைய தொலைக்காட்சியோடு இணைந்திருந்த பிளேஸ்டேஷன் 5 கன்சோலையும், பாட்டுக் கேட்பதற்காகப் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் ஏவி ரிசீவரையும் அதே கேபிள்களோடு புதியதில் மாட்டினான். படம் வந்தது. ஆனால் கன்சோலின் தெளிவுத்திறன் பட்டியலில் 1080p-க்கு மேல் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. "மாமா, பெட்டியின் மேல் 4கே என்று போட்டிருக்கிறது, உள்ளே இல்லை. திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டான்.

கொடுக்க வேண்டாம் என்றேன். இந்தக் குறைக்கு மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும்: தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கான அமைப்பு, கன்சோலுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நிற்கும் ரிசீவர் போன்ற கருவி, கேபிள். மூன்றுக்கும் அறிகுறி வேறு. எல்லோரும் முதலில் காசு செலவழிப்பது கேபிளுக்கு. பட்டியலிலேயே 4கே இல்லாதபோது, கேபிள் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

கன்சோல் தொலைக்காட்சியின் திரையைப் பார்ப்பதில்லை. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் ஜாதகத்தை வாங்கிப் பார்ப்பது போல, அது ஒரு சிறு குறிப்பை மட்டும் வாசிக்கிறது. அந்தக் குறிப்புக்கு இடிஐடி என்று பெயர். கேபிளை மாட்டியதும் கன்சோல் 18ஆம் ஊசியில் 5 வோல்ட் கொடுக்கிறது. தொலைக்காட்சி 19ஆம் ஊசியின் மின்னழுத்தத்தை உயர்த்தி, "குறிப்பு தயார்" என்று தெரிவிக்கிறது. உடனே கன்சோல் 15, 16ஆம் ஊசிகள் வழியாக 128 பைட் கொண்ட துண்டுகளாக அதை வாசிக்கிறது. முதல் துண்டில் தயாரிப்பாளர், மாதிரி, அடிப்படைத் தெளிவுத்திறன்கள் இருக்கும். அடுத்த துண்டில்தான் நமக்கு வேண்டியவை: எந்தெந்தப் பட வடிவங்களை ஏற்கும், அதிகபட்சம் எவ்வளவு வேகம் தாங்கும், ஒளியையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் உண்டா என்பவை.

இதில் கவனிக்க வேண்டியது, குறிப்பு தொலைக்காட்சிக்கு ஒன்று அல்ல, போர்ட்டுக்கு ஒன்று. ஒரே தொலைக்காட்சியின் முதல் போர்ட்டும் மூன்றாம் போர்ட்டும் வேறுவேறு குறிப்புகளைக் கொடுக்கலாம். அது மட்டுமல்ல, ஒரே போர்ட்டே அமைப்பைப் பொறுத்து, சாதாரண நிலை, உயர்நிலை என இரண்டு விதமான குறிப்பைக் கொடுக்கும். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லினக்ஸ் மடிக்கணினி இருந்தால் அதைச் செய்வது எளிது. கன்சோலைக் கழற்றிவிட்டு, அதே கேபிளை மடிக்கணினியில் மாட்டி இப்படிக் கேட்கலாம் (கோப்பின் பெயரில் உள்ள எண் கணினிக்குக் கணினி மாறும்):

```
edid-decode /sys/class/drm/card0-HDMI-A-1/edid
```

போர்ட் சாதாரண நிலையில் இருக்கும்போது வழக்கமாகக் கிடைக்கும் வரிகளில் முக்கியமானவை இவை:

```
Vendor-Specific Data Block (HDMI), OUI 00-0C-03:
  Maximum TMDS clock: 300 MHz
```

உயர்நிலைக்கு மாற்றிவிட்டு மீண்டும் கேட்டால், முன்பு இல்லாத ஒரு பகுதி சேர்ந்திருக்கும்:

```
Vendor-Specific Data Block (HDMI Forum), OUI C4-5D-D8:
  Maximum TMDS Character Rate: 600 MHz
  SCDC Present
```

போர்ட் தாங்கும் அதிகபட்ச வேகமான இந்த 300க்கும் 600க்கும் இடையில்தான் எல்லாம் நடக்கிறது. 4கே படத்தில் கண்ணுக்குத் தெரிவது 3840க்கு 2160 புள்ளிகள். ஆனால் ஓரங்களில் வரும் வெற்று இடத்தையும் சேர்த்துக் கம்பியில் போவது 4400க்கு 2250. நொடிக்கு 60 முறை அனுப்பினால் 59 கோடியே 40 லட்சம் புள்ளிகள், அதாவது 594 மெகாஹெர்ட்ஸ். முழு நிறத்தோடு 4கே 60 வேண்டுமானால் போர்ட் இவ்வளவைத் தாங்குவதாகச் சொல்ல வேண்டும். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 இதற்காகத்தான் எல்லையை 600க்கு உயர்த்தியது. அதற்கு முந்தைய 1.4இன் எல்லை 340.

சாதாரண நிலையிலும் 4கே 60-க்கு ஒரு சந்து வழி உண்டு. ஒளிர்வை முழுதாக வைத்துக்கொண்டு நிறத் தகவலை நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்தால் தேவை பாதியாகி 297இல் முடியும். கன்சோல் திரையில் YUV420 என்று தெரிவது இதுதான். படம் 4கேதான், ஆனால் கறுப்புப் பின்னணியில் உள்ள சிவப்பு எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரியும். எச்டிஆர் கேட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும். எச்டிஆருக்கு 8 பிட் போதாது, 10 பிட் வேண்டும். அப்போது 297 என்பது 371 ஆகிவிடும்; 300க்குள் அடங்காது. ஆகவே "4கே வருகிறது, எச்டிஆர் மட்டும் வரவில்லை" என்று யாராவது சொன்னால், போர்ட் இன்னும் சாதாரண நிலையில் இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். சில போர்ட்டுகளின் சாதாரணக் குறிப்பில் இந்தச் சந்து வழியும் இருக்காது, 4கே 30 மட்டுமே இருக்கும். பிளேஸ்டேஷன் 5 தன் மெனுவையும் விளையாட்டுகளையும் 4கேயில் 30ஆக அனுப்புவதில்லை என்பதால், அங்கே 1080p-க்கு இறங்கிவிடும்.

அமைப்பின் பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சாம்சங்கில் "Input Signal Plus", பழையவற்றில் "HDMI UHD Color". எல்ஜியில் "HDMI Ultra HD Deep Colour". சோனியில் "HDMI signal format" என்பதன் கீழ் "Enhanced format". பெயரில் 4கே என்ற சொல்லே இல்லாததால் பலர் இதை நிறம் கூட்டும் அமைப்பு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து ஏன் சாதாரண நிலையில் அனுப்புகிறார்கள் என்று கேட்பது நியாயம். உயர்நிலைக் குறிப்பைச் சில பழைய கருவிகளால் புரிந்துகொள்ள முடியாமல் படமே வராமல் போகும். படம் வராத தொலைக்காட்சியைப் பற்றிப் புகார் வரும். 1080p-இல் ஓடும் தொலைக்காட்சியைப் பற்றிப் பெரும்பாலும் வராது. எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. வாங்கியவர் தன் பணத்துக்கு உரியதைப் பெறவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது.

அடுத்தது நடுவில் நிற்கும் கருவி. ரிசீவர், சவுண்ட்பார், எச்டிஎம்ஐ ஸ்விட்ச், ஸ்பிளிட்டர் எதுவானாலும் சரி, கன்சோல் வாசிப்பது அதன் குறிப்பை. ரிசீவர் தொலைக்காட்சியின் குறிப்பை வாங்கி, தன்னால் கடத்த முடியாத வரிகளை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கன்சோலிடம் நீட்டுகிறது. 1.4 காலத்து ரிசீவர் 600 என்ற வரியை நீக்கிவிடும். புதிய தொலைக்காட்சி என்ன சொன்னாலும் கன்சோலின் காதுக்கு அது எட்டாது. போர்ட் அமைப்புக் குறையிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரே ஒரு சோதனை போதும்: ரிசீவரைத் தவிர்த்துக் கன்சோலை நேராகத் தொலைக்காட்சியில் மாட்டுங்கள். பட்டியல் மாறினால் குறை நடுவில் இருக்கிறது. ரிசீவர்கள் சிலவற்றில் இதே போன்ற உயர்நிலை அமைப்பு தனியாக உண்டு, அதையும் பார்த்துவிட வேண்டும்.

இங்கேயே எச்டிசிபி என்ற பதிப்புரிமைப் பூட்டையும் சொல்லிவிடலாம். அது இடிஐடியில் இல்லை. அதே இரு ஊசிகளில் தனியாக நடக்கும் கேள்வி பதில். பூட்டிய 4கே படத்துக்கு வழியில் உள்ள ஒவ்வொரு கருவியும் 2.2 பதிப்பை அறிந்திருக்க வேண்டும். இன்றைய தொலைக்காட்சிகளில் இது இருக்கும், பழைய ரிசீவரில் இருக்காது.

கேபிளுக்கு வருவோம். குறிப்பு போகும் கம்பிகள் மிக மெதுவானவை, மோசமான கேபிளிலும் குறிப்பு ஒழுங்காகவே போய்ச் சேரும். கேபிளின் தரத்தைச் சொல்ல இடிஐடியில் ஒரு பைட் கூட இல்லை. அதனால் தரமற்ற கேபிளின் அறிகுறி நேர் எதிரானது: பட்டியலில் 4கே இருக்கும், தேர்ந்தெடுக்கவும் முடியும், பிறகு திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் கறுத்துத் திரும்பும். அப்போது கேபிள் மாற்றுவது பொருத்தம். பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேபிள் வாங்கி வரவழைக்கப் பார்ப்பது வீண் செலவு. விதிவிலக்கு ஒன்றுதான்: மெதுவான கம்பியே அறுந்திருந்தால் குறிப்பை வாசிக்கவே முடியாது, கன்சோல் மிகத் தாழ்ந்த தெளிவுத்திறனுக்கு இறங்கிவிடும்.

இனி, இந்தக் குறிப்பை எந்தக் கன்சோல் நன்றாகக் காட்டுகிறது? பிளேஸ்டேஷன் 5இல் "Screen and Video" பகுதியில் "Video Output Information" என்று ஒரு திரை உண்டு. இந்த நொடியில் என்ன அனுப்பப்படுகிறது, தெளிவுத்திறன் எவ்வளவு, முழு நிறமான RGB-யா YUV420-யா என்பதை அது தெளிவாகச் சொல்லும். ஆனால் ஏன் 2160p, அதாவது 4கே, இல்லை என்று கேட்டால் பதில் கிடையாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் "4K TV details" என்ற திரை 4கே, 10 பிட், எச்டிஆர் ஒவ்வொன்றையும் நொடிக்கு எத்தனை முறை என்பதோடு வரிசைப்படுத்தி, உண்டு இல்லை என்று குறியிட்டுக் காட்டும். 60இல் 4கே உண்டு, 60இல் 10 பிட் இல்லை என்று வந்தால், மேலே சொன்ன 371 கணக்கு அப்படியே கண் முன் நிற்கிறது. குறை கண்டுபிடிக்க எக்ஸ்பாக்ஸே மேல் என்பது என் முடிவு. குறிப்பை மீறி எச்டிஎம்ஐ என்று வற்புறுத்தும் வசதியும் அதில் இருக்கிறது, ஆனால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிசீவரால் கடத்த முடியாததை வற்புறுத்தி அனுப்பினால் கறுப்புத் திரைதான் கிடைக்கும்.

அக்கா மகனிடம் முதலில் ரிசீவரைத் தவிர்க்கச் சொன்னேன். கன்சோலை நேராக முதல் போர்ட்டில் மாட்டியதும் 2160p வந்தது. தகவல் திரையைப் படிக்கச் சொன்னேன்: YUV420, எச்டிஆர் இல்லை. ஒரு குறை நீங்கி இன்னொன்று மிச்சமிருந்தது. போர்ட்டை உயர்நிலைக்கு மாற்றினான். திரை ஒரு கணம் கறுத்தது. 19ஆம் ஊசியைத் தாழ்த்தி உயர்த்தி, தொலைக்காட்சி புதிய குறிப்பை வாசிக்கச் சொல்லும் தருணம் அது. சில தொலைக்காட்சிகள் இதைச் செய்வதில்லை. அங்கே கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும். மீண்டும் பார்த்தபோது YUV420 போயிருந்தது, எச்டிஆரும் வந்துவிட்டது. கேபிள் பழையதுதான்.

ரிசீவரை என்ன செய்வது என்பதுதான் கடைசிக் கேள்வி. தொலைக்காட்சியிலிருந்து ஏஆர்சி போர்ட் வழியாக ஒலியை மட்டும் அதற்கு அனுப்பலாம். ஆனால் சாதாரண ஏஆர்சியில் சுருக்கிய டால்பி டிஜிட்டல் போன்ற ஒலியே போகும். கன்சோல் தரும் சுருக்காத பல்தட ஒலிக்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும், அவனுடைய ரிசீவரில் அது இல்லை. கன்சோலின் ஒலி வடிவத்தை டால்பிக்கு மாற்றி வைத்திருக்கிறான். புதிய ரிசீவர் இப்போதைக்கு வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.