20 வினாடி அறிமுகம்: பதவிப் பட்டியலா, பயன் வாசகமா, பாதிக் கதையா?

கோயம்புத்தூரில் தொழில் சந்திப்புக் கூட்டங்களுக்கு நான் போகத் தொடங்கி நான்கு வருடமாகிறது. ஓட்டல் ஹால், கழுத்தில் பெயர் அட்டை, ஒரு கையில் காபி, இன்னொரு கையில் போண்டா. எதிரே வந்து நிற்பவர் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால் 20 வினாடிக்குள் சொல்லி முடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அவர் போண்டா ஆறிவிடும்.

என் தொழிலை ஒரே மூச்சில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். தொழிற்சாலைகளில் காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரஸரிலிருந்து போகிற காற்று குழாயில், ஹோஸில், வால்வில் எங்கே ஒழுகுகிறது என்று தேடிக் கொடுப்பது. ஒழுகுகிற காற்றுக்காகவும் கம்ப்ரஸர் கரன்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். ஏர் லீக் ஆடிட் என்பார்கள். இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒன்றில் நிலைத்திருக்கிறேன். அதன் பக்கம் நான் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது பதவிப் பட்டியல். "மெக்கானிக்கல் இன்ஜினியர், சான்றிதழ் பெற்ற எனர்ஜி ஆடிட்டர், நிர்வாக இயக்குநர், 18 வருட அனுபவம்." இதற்கு வருகிற பதில் "ஓ, சரிங்க." பிறகு விசிட்டிங் கார்டு கைமாறும். இதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை.

இரண்டாவது பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிற பயன் வாசகம்: இன்னாருக்கு இன்னது கிடைக்க நான் உதவுகிறேன். என்னுடையது, "சிறு தொழிற்சாலைகளின் கரன்ட் பில்லைக் குறைக்க உதவுகிறேன்." கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றரை வருடம் இதையே சொன்னேன். பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "சோலாருங்களா?" இல்லை என்று விளக்கத் தொடங்குவதற்குள் அவர் முகத்தில் ஒரு தற்காப்பு வந்திருக்கும். கரன்ட் பில்லைக் குறைக்கிறேன் என்று யார் சொன்னாலும் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்றுதானே தோன்றும்? அவர் மேல் தப்பில்லை. அந்த வாசகத்தில் பலன் இருக்கிறது, மனிதரோ இடமோ சத்தமோ எதுவுமில்லை. பதிலுக்கு அவர் எதைப் பிடித்துப் பேசுவார்?

மூன்றாவதுதான் இப்போது சொல்வது. அதை நான் பாதிக் கதை என்பேன். அப்படியே தருகிறேன்:

"என் பேரு செந்தில். கம்பெனிகள்ல காத்து எங்க ஒழுகுதுன்னு தேடறதுதான் வேலை. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு ஃபவுண்டரிக்குப் போனோம். ஆளே இல்லை, ஒரு மெஷினும் ஓடலை. ஆனா கம்ப்ரஸர் மட்டும் விட்டு விட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாருக்காக ஓடுதுன்னு காதை வச்சுக் கேட்டுக்கிட்டே நடந்தோம்."

அவ்வளவுதான், அங்கே நிறுத்திவிடுவேன். போனில் பதிவு செய்து பார்த்தேன், அவசரமில்லாமல் சொன்னால் 18 வினாடி. நிறுத்தியதும் பெரும்பாலும் வருவது, "அப்புறம் கண்டுபுடிச்சீங்களாங்க?"

மூன்றையும் எடைபோட நான் வைத்திருக்கும் தராசு ஒன்றுதான்: நான் வாயை மூடியதும் எதிராளி சொல்கிற முதல் வாக்கியம். அறிமுகம் எவ்வளவு அழகாக இருந்தது என்பது எனக்குத் தேவையில்லை. அவர் யோசிக்காமல் ஒரு கேள்வி கேட்க முடிந்ததா? என் தொழில் தெரியாதவருக்கும் கேட்க ஏதாவது கிடைத்ததா? ஒரு வருடம் பாக்கெட் டைரியில் இந்த முதல் வாக்கியங்களை மட்டும் குறித்து வைத்தேன். பட்டியலுக்கு எதிரே "ஓ", "சரிங்க", "கார்டு இருக்குங்களா". பயன் வாசகத்துக்கு எதிரே "சோலாரா", "எவ்ளோ சார்ஜ் பண்றீங்க". பாதிக் கதைக்கு எதிரே கேள்விகள், அல்லது அதைவிட நல்லதாக, அவர்களுடைய சொந்தக் கதைகள்.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எதிரே நின்றவர் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் வைத்திருப்பவர். "கண்டுபுடிச்சீங்களா?" என்றார். பதினோரு இடம் என்றேன். அதில் ஒன்று சுவரில் தொங்கிய, யாரும் தொடாத ஒரு ஹோஸ். "எங்க இடத்துல இருந்தா எப்படித் தெரியும்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காற்று எடுக்கிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள், எத்தனை நிமிடம் காற்றை அழுத்தியபடி லோடில் ஓடுகிறது, எத்தனை நிமிடம் காற்றை அழுத்தாமல் அன்லோடில் நிற்கிறது என்று வாட்ச்சில் பாருங்கள் என்றேன். இரண்டு நிமிடம் ஓடி, ஆறு நிமிடம் நின்றால், எட்டில் இரண்டு. அதாவது கம்ப்ரஸர் தரக்கூடிய காற்றில் நான்கில் ஒரு பங்கு ஒழுகலுக்கே போகிறது. பராமரிப்பு சரியில்லாத இடங்களில் 20, 30 சதவீதம் ஒழுகுவது சகஜம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை அவரே போன் செய்தார்: "மூணு ஓடுது, ஏழு நிக்குதுங்க." நான் எதையும் விற்கவில்லை, அவரே அளந்து பார்த்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் அவர் என் கார்டைக்கூட வாங்கவில்லை, போன் நம்பர்தான் வாங்கினார்.

பாதிக் கதைக்கு இன்னொரு லாபம் உண்டு. அது அடுத்தவர் வாயிலும் பயணம் செய்யும். 1987-ல் பிரிட்டனில் உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலத்தில் பேக்கர் என்பது குடும்பப் பெயராகவும் இருக்கும், ரொட்டி சுடுகிற தொழிலாகவும் இருக்கும். அப்படிப்பட்ட சொற்களை முகங்களோடு சேர்த்துக் காட்டினார்கள். அதே சொல் தொழிலாகச் சொல்லப்பட்டபோது நினைவில் நின்றது, பெயராகச் சொல்லப்பட்டபோது அந்த அளவு நிற்கவில்லை. தொழில் என்றதும் மாவு, அடுப்பு, வாசனை என்று மனசில் தொற்றிக்கொள்ள நிறைய இருக்கிறது, வெறும் பெயருக்கு அப்படி எதுவுமில்லை. என் விஷயத்திலும் அதேதான். செந்திலை யாருக்கும் ஞாபகமில்லை. "அந்த ஞாயித்துக்கிழமை கம்ப்ரஸர்காரர்" என்று சொல்லித்தான் ஒருவரை ஒருவர் அனுப்பி வைக்கிறார்கள்.

இதில் நான் அடிக்கடி செய்த தப்பு, கதையை முடித்துவிடுவது. "பதினோரு இடம் கண்டுபிடிச்சோம், மாசம் இவ்வளவு மிச்சம்" என்று கடைசியில் ஒட்டினால் 25 வினாடி ஆகும் என்பது சின்ன விஷயம். கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் பெரிய விஷயம். எதிராளி "சூப்பருங்க" என்பார், கண் என் பெயர் அட்டைக்குப் போகும், கை பாக்கெட்டுக்குப் போகும். கார்டு எடுக்கப் பாக்கெட்டுக்குக் கை போய்விட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அறிமுகத்தில் ஊர்ப் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதிலும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் "எந்த ஊருங்க?" வந்தே தீரும். அதை நானே சொல்லிவிட்டால் அவருக்கு இலவசமாகக் கிடைக்கிற ஒரு கேள்வியைப் பிடுங்கிக்கொள்கிறேன். அதனால் சொல்வதில்லை. என்ன, அந்தக் கேள்வி வந்துவிட்டால் பேச்சு சொந்தபந்தத்துக்குள் போய்விடும், காற்று ஒழுகலுக்குத் திரும்பப் பத்து நிமிடம் ஆகும்.

பாதிக் கதையின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, அது வாடிக்கையாளரின் கதை. ஒருமுறை "அவிநாசி ரோட்டுல ஒரு ஃபவுண்டரி" என்று ஆரம்பித்துவிட்டேன். கேட்டவர் இரண்டு கேள்வியில் எந்த ஃபவுண்டரி என்று பிடித்துவிட்டார். அது அவருடைய மச்சானுடையது. மச்சான் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸரை நிறுத்தக்கூட ஆளில்லை என்ற செய்தி அன்றைக்கே வீடு போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு இடம், அளவு எதையும் சொல்வதில்லை. மாதத்தையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன்.

இரண்டாவது, பராமரிப்பு. பட்டியலுக்குப் பராமரிப்பே வேண்டாம், பதவி மாறினால் மாற்றினால் போதும். பயன் வாசகமும் வருடக்கணக்கில் ஓடும். பாதிக் கதை சீக்கிரம் புளித்துவிடும். ஒரே குழுவில் மூன்றாவது தடவை சொன்னபோது பக்கத்தில் இருந்தவர் எனக்கு முன்னால் முடிவைச் சொல்லிவிட்டார். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச் சம்பவம் தேட வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்கு 20 வினாடி சொல்கிற சுற்று. அங்கே யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது, அதனால் பாதியில் நிறுத்துகிற வித்தை வீண். போதாததற்கு, தன் முறை நெருங்கும்போது மனிதர்கள் முன்னால் பேசியவர் சொன்னதை மனசில் ஏற்றுவதில்லை. 1973-ல் மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். வட்டமாகச் சொற்களை வாசிக்க வைத்தபோது, தங்கள் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்டவைதான் பலருக்கு நினைவில் இல்லை. உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர் தன் வாசகத்தை உள்ளுக்குள் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் அந்தச் சுற்றில் நான் பயன் வாசகத்துக்குத் திரும்பிவிடுகிறேன், சோலார் இல்லை என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து. பாதிக் கதையை டீ நேரத்துக்கு வைத்துக்கொள்வேன்.

பேங்க் மேனேஜர், அரசு அதிகாரி முன்னால் பதவிதான் சரி. அவர்களுக்கு நான் யார் என்பது முதலில் ஃபைலில் எழுதுகிற விஷயம். முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிற பெங்களூரு கூட்டங்களுக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறேன். ஒன்றில் பாதிக் கதை எடுபட்டது, இன்னொன்றில் படவில்லை. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. வேலை தேடும் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருமா என்பதிலும் எனக்கு அனுபவம் குறைவு. என் அக்கா மகன் காலேஜ் புராஜெக்டில் மோட்டார் புகைந்த கதையைச் சொன்னான். கேள்வி வந்தது உண்மை. ஆனால் "ஏன் புகைஞ்சுது?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

இப்போது ஃபவுண்டரி கதைக்கு வயதாகிவிட்டது. போன வாரம் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனோம். தையல் மெஷினுக்குக் கீழே ஒரு ஏர் ஹோஸைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. குனிந்து பார்த்தால், அதன் வாய் டெய்லரின் காலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இரவு சாப்பிடும்போது வீட்டில் இதை இந்த இடம்வரை சொல்லிவிட்டு நிறுத்தினேன். தோசையைத் திருப்பிப் போட்டபடி மனைவி கேட்டாள், "ஏன், அவருக்கு ஒரு ஃபேன் போட்டுத் தர மாட்டாங்களா?"

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இதுதான்.