பவர் பேங்க் பாதியில் நிற்கிறதா: கேபிளை மாற்றலாமா, செல்லை மாற்றலாமா, புதிதே வாங்கலாமா?

பழைய பவர் பேங்குகளில் வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, லைட் எல்லாம் எரிகிறது, போனைச் செருகினால் கொஞ்ச நேரம் ஏறிவிட்டுப் பட்டென்று நின்றுவிடுகிறது. இன்னொன்று, நிற்கவே இல்லை, ஆனால் ஒரு மணி நேரம் செருகி வைத்தாலும் பத்து சதவீதம் ஏறுவதே பெரும்பாடு. கடையில் கேட்டால் ஒருவர் "கேபிள மாத்திப் பாருங்க" என்பார், அடுத்த கடைக்காரர் "செல்லு போச்சு, புதுசு வாங்கிருங்க" என்பார். பட்டென்று நின்றால் சந்தேகம் முதலில் செல் மேல் போக வேண்டும். மெதுவாக ஏறினால் கேபிள் மேல். சிக்கல் என்னவென்றால், இரண்டு கோளாறும் ஒரே நேரத்தில் இருந்தால் ஒன்று மற்றதை மறைத்துவிடும். அங்கேதான் பலர் தப்பான பொருளுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

என் சித்தி பையனின் பவர் பேங்க் அப்படிப்பட்டதுதான். 10,000 எம்ஏஎச், உள்ளே நாலு உருளைச் செல்கள், வாங்கிச் சில வருடங்கள் ஆனது. போன் மெதுவாக ஏறுகிறது என்று தடிமனான புதுக் கேபிள் வாங்கினான். "அண்ணே, பழைய கேபிள்ல மெதுவாவாச்சும் ஏறிச்சு, இதுல ரெண்டு நிமிஷத்துல ஆஃப் ஆயிடுது. கேபிள் டூப்ளிகேட்டா?" என்று கொண்டுவந்தான். கேபிளில் ஒரு குறையும் இல்லை. அது நல்ல கேபிளாக இருந்ததால்தான் பவர் பேங்க் நின்றது. இது ஏன் என்று புரிந்துவிட்டால் எதை மாற்றுவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் கேபிள். உள்ளே ஓடும் செம்புக் கம்பி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மின்தடை. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். மலிவான கேபிள்களில் 28 கேஜ் கம்பி போடுவது சகஜம். ஒரு மீட்டர் நீளக் கேபிளில் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி என்று இரண்டு மீட்டர் கம்பி கணக்கு. அது சுமார் 0.43 ஓம், முனைகளில் இருக்கும் தொடர்புகளையும் சேர்த்தால் அரை ஓம். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1 வோல்ட் போய்விடும். பவர் பேங்க் 5 வோல்ட் கொடுத்தாலும் போனுக்கு 4 வோல்ட்தான் வந்து சேரும். போனில் இருக்கும் சார்ஜிங் சிப் இதை ஏற்றுக்கொள்ளாது. உள்ளே வரும் வோல்ட்டேஜ் சுமார் நாலரைக்குக் கீழே போகாதபடி அதுவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். விளைவு, 2 ஆம்பியர் வாங்க வேண்டிய போன் 1 ஆம்பியரோடு நின்றுகொள்கிறது, பத்து வாட்டுக்குப் பதில் நாலரை வாட். திரையை எரியவிட்டு மேப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அதே ஒரு மீட்டரில் 24 கேஜ் கம்பி என்றால் தொடர்புகளோடு சேர்த்து 0.2 ஓமை ஒட்டித்தான் வரும், 2 ஆம்பியரிலும் போனுக்கு நாலரைக்கு மேல் கிடைக்கும். இன்னொரு வழியும் உண்டு. மலிவான 28 கேஜ் கம்பியாக இருந்தாலும் நீளம் ஒரு அடிதான் என்றால் இழப்பு கிட்டத்தட்ட இதே அளவுக்கு இறங்கிவிடும். பவர் பேங்கும் போனும் ஒரே பையில் இருக்கப்போகிறது, பிறகு எதற்கு ஒன்றரை மீட்டர்? பவர் பேங்குக்கென்று தனியாக ஒரு குட்டைக் கேபிள் வைத்துக்கொள்வதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன்.

இப்போது செல். லித்தியம் செல்லுக்கு வயதாகும்போது கொள்ளளவு குறைவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடத் தொந்தரவு தருவது அதன் உள்தடை ஏறுவது. செல்லில் இருப்பது 3.7 வோல்ட் சுமார், வெளியே வர வேண்டியது 5 வோல்ட். நடுவில் இருக்கும் போர்டு அதை உயர்த்திக் கொடுக்கிறது, கொஞ்சம் இழப்போடு. வெளியே 10 வாட் வேண்டுமானால் செல்லிலிருந்து பதினொன்று சொச்சம் வாட் இழுக்க வேண்டும். பாதி சார்ஜில், அதாவது 3.8 வோல்ட்டில், நல்ல செல் தொகுப்பு 3 ஆம்பியர் கொடுத்துவிட்டு 3.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். உள்தடை மொத்தமாக 0.2 ஓம் ஆகிவிட்ட கிழட்டுத் தொகுப்பில் அதே சுமைக்கு வோல்ட்டேஜ் சரிகிறது. வோல்ட்டேஜ் சரிந்தால் அதே வாட்டைக் கொடுக்க போர்டு இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கிறது. அதனால் இன்னும் சரிகிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3.7 ஆம்பியரில் 3.05 வோல்ட்டுக்கு வந்துவிடும். பல போர்டுகள் 3 வோல்ட்டை ஒட்டி "செல் காலி" என்று முடிவு செய்து அணைத்துவிடும். அணைந்ததும் சுமை இல்லை, வோல்ட்டேஜ் மறுபடி 3.8-க்கு ஏறிவிடும். பொத்தானை அழுத்தினால் பழையபடி இரண்டு மூன்று லைட் எரியும். பெரும்பாலான பவர் பேங்குகளில் அந்த லைட்டுகள் வோல்ட்டேஜைப் பார்த்து எரிபவை, எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

தம்பியின் பவர் பேங்கில் நடந்தது இதுதான். பழைய கேபிளில் போன் 1 ஆம்பியர்தான் இழுத்தது. அந்தச் சுமைக்குக் கிழட்டுச் செல்லும் 3.4 வோல்ட்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. புதுக் கேபிள் தடையைக் குறைத்ததும் போன் தனக்கு வேண்டிய 2 ஆம்பியரைக் கேட்டது, செல் படுத்துவிட்டது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டர் போதும், சில நூறு ரூபாய்தான். அதைப் பவர் பேங்கின் வாயில் செருகி, அதில் கேபிளைச் செருக வேண்டும். வோல்ட் 5-ஐ ஒட்டி உறுதியாக இருந்து, ஆம்பியர் மட்டும் ஒன்று அல்லது அதற்கும் கீழே நின்றால் கேபிளைச் சந்தேகப்படலாம். ஆம்பியர் நன்றாக ஏறி, வோல்ட் 4.9, 4.8 என்று நழுவிப் பூஜ்யமாகிவிட்டால், அல்லது 5-லிருந்து நேராகப் பூஜ்யமானால், செல். மீட்டர் இல்லாதவர்கள் அதே கேபிளையும் போனையும் சுவர் சார்ஜரில் போட்டுப் பார்க்கலாம். அங்கே வேகமாக ஏறினால் கேபிள் சரி. பவர் பேங்கில் இயர்பட் பெட்டி மாதிரிச் சின்னப் பொருள் மணிக்கணக்கில் ஏறுகிறது, போன் மட்டும் நிற்கிறது என்றால் செல் போய்விட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரு விதிவிலக்கு: போன் கிட்டத்தட்ட நிரம்பிய பிறகு பவர் பேங்க் அணைந்தால் அது கோளாறு இல்லை. சுமை மிகக் குறைந்துவிட்டால் தானே அணைவது அதன் வழக்கம்.

சரி, எதற்குக் காசு கொடுப்பது? கேபிள்தான் காரணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த இருநூறு முந்நூறு ரூபாயைக் கொடுத்துவிடலாம். டேட்டா கம்பியும் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும். டேட்டா கம்பி இல்லாத "சார்ஜிங் மட்டும்" கேபிளில் பல போன்கள் எதிரே இருப்பது சார்ஜர் என்று அடையாளம் காண முடியாமல் அரை ஆம்பியரோடு நின்றுவிடும்.

செல் மாற்றுவது காகிதத்தில் நன்றாக இருக்கும். நல்ல செல் ஒன்று இருநூறு ரூபாய் சுமார் என்று வைத்தால் நாலுக்கு எண்ணூறு, அதோடு வெல்டிங் கூலி. 10,000 எம்ஏஎச் புதுப் பவர் பேங்கே ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும்போது இதில் மிச்சம் இல்லை. பணம் மட்டும் இல்லை, செய்கிற விதமும் முக்கியம். செல்லில் நேரடியாக ஈயம் வைத்தால் சூடு உள்ளே இறங்கிக் கெடுக்கும், நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும். இணையாகச் சேர்க்கும் முன் நாலும் ஒரே வோல்ட்டேஜில் இருக்க வேண்டும். ஒன்று 4.1, இன்னொன்று 3.5 என்றால் சேர்த்த நொடியிலேயே ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பல ஆம்பியர் பாயும். மேலுறையில் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்த செல்களைத் தொடவே கூடாது. 18650 என்ற வழக்கமான உருளைச் செல் அளவில் நல்ல செல்லே மூவாயிரத்துச் சொச்சம்தான் தரும். ஸ்க்ரூ போட்ட பெட்டியும் செல் ஹோல்டரும் உள்ள பவர் பேங்க், கையில் மீட்டர், கொஞ்சம் பழக்கம் மூன்றும் இருப்பவர்கள் செய்யலாம். தட்டையான பை வடிவச் செல் உள்ளதை யாருமே பிரிக்க வேண்டாம், நெம்பும்போது துளைபட்டால் தீப்பிடிக்கும்.

தம்பிக்கு நான் சொன்னது நாலாவது வழி. போன் அமைப்புகளில் வேகமான சார்ஜிங்கை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட வேண்டும். 9 வோல்ட் வேக சார்ஜிங்கில் கேபிள் இழப்பு குறையும் என்பது உண்மை, ஆனால் 18 வாட் கொடுக்கச் செல்லிலிருந்து ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும், கிழட்டுச் செல்லுக்கு அது ஆகவே ஆகாது. பிறகு அந்தப் பவர் பேங்கைப் பட்டன் போன், இயர்பட், கரண்ட் போனால் எரிய யூஎஸ்பி விளக்கு என்று சின்னச் சுமைகளுக்கு ஒதுக்கிவிடலாம். உடம்பு உப்பியிருந்தால் மட்டும் இந்த யோசனை கிடையாது. பல மாதம் பூஜ்யத்தில் கிடந்து செத்ததையும் உயிர்ப்பிக்க முயல வேண்டாம். மிகவும் கீழே போன செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்து, பிறகு சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். இரண்டையும் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும், குப்பைத் தொட்டியில் அல்ல.

பெரிய போனுக்குப் புதிதுதான் வாங்க வேண்டும் என்றால், முன்பக்கத்தில் இருக்கும் 10,000-ஐப் பார்த்து வாங்காதீர்கள். அது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, 3.7 வோல்ட்டில் 37 வாட்-மணி. பின்பக்கம் சின்ன எழுத்தில் ரேட்டட் கெபாசிட்டி என்று 5 வோல்ட்டுக்கான எண் இருக்கும். இழப்பு போக ஆறாயிரத்தை ஒட்டி அது இருந்தால் நேர்மையான எண். 5,000 எம்ஏஎச் போனை அது ஒன்றரை முறைக்குக் கொஞ்சம் குறைவாக நிரப்பும். வாங்கிய வாரமே முழுசாக ஏற்றி, மீட்டர் வழியாகக் காலி செய்து, வாட்-மணியைப் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். முப்பதை ஒட்டி வர வேண்டும். பின்னாளில் அது இருபதுக்குக் கீழே வரும்போது கேபிள் கடைக்கு அலையத் தேவையில்லை.