ஹார்ட் வோட்டிங்கா, சாஃப்ட் வோட்டிங்கா? அதற்கு முன் ஒரு கணக்கு

கையால் எழுதிய எண்ணின் படத்தைப் பார்த்து, அது 0 முதல் 9 வரை எது என்று சொல்லும் வேலையை எடுத்துக்கொள்வோம். பைதானின் சைகிட்-லேர்ன் நூலகத்தில் `load_digits` என்று கூப்பிட்டால் 8×8 புள்ளிகள் கொண்ட 1797 படங்கள் கிடைக்கும். படம் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது, தலையை மூடி எழுதிய 4 பார்ப்பதற்கு 9 மாதிரியே இருக்கும். இதில் மூன்று மாடல்களைப் பழக்கி, மூன்றின் பதிலையும் சேர்த்து ஒரே பதிலாக்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது?

ஹார்ட் வோட்டிங் தலையை எண்ணும். ஒவ்வொரு மாடலும் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், அதிக ஓட்டு வாங்கிய எண் ஜெயிக்கும். சாஃப்ட் வோட்டிங் ஒவ்வொரு மாடலிடமும் "4 என்பதற்கு எவ்வளவு வாய்ப்பு, 9 என்பதற்கு எவ்வளவு" என்று கேட்டு, அந்த நிகழ்தகவுகளின் சராசரியை எடுக்கும். சராசரி எதற்கு அதிகமோ அதுவே பதில்.

ஒரு படத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. உண்மையில் அது 9. லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் 4-க்கு 0.55, 9-க்கு 0.45 கொடுக்கிறது. பக்கத்துப் படங்கள் ஐந்தைப் பார்த்து முடிவெடுக்கும் கே-என்-என், ஐந்தில் மூன்று 4 ஆக இருந்ததால் 0.6, 0.4 என்கிறது. பல முடிவு மரங்களைச் சேர்த்துப் பதில் சொல்லும் ராண்டம் ஃபாரஸ்ட் மட்டும் 4-க்கு 0.1, 9-க்கு 0.9. தலையை எண்ணினால் 2-க்கு 1, பதில் 4, தப்பு. சராசரி எடுத்தால் 4-க்கு 0.417, 9-க்கு 0.583, பதில் 9, சரி. முதல் இரண்டும் அரைமனதாகத்தான் 4 என்றன. ஹார்ட் வோட்டிங்கில் அந்த அரைமனது தொலைந்துபோகிறது, சாஃப்டில் அது கணக்கில் வருகிறது.

இதோடு நிறுத்திவிட்டு "சாஃப்ட்தான் எப்போதும் மேல்" என்று எழுதும் பாடங்கள் நிறைய. அதே வேலையில் கே-என்-என்னை எடுத்துவிட்டு நேவ் பேயஸைப் போடுங்கள். அது ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனி சாட்சியாக எண்ணும். படத்திலோ பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றாகவே கறுப்பாகும். ஒரே சாட்சியம் பல தடவை எண்ணப்படுவதால் நேவ் பேயஸின் நிகழ்தகவு 0 அல்லது 1-ஐ ஒட்டிப் போய் நிற்கும். இப்போது உண்மையில் 4 ஆன ஒரு படம். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் 4-க்கு 0.80, ராண்டம் ஃபாரஸ்ட் 0.66, நேவ் பேயஸ் 0.001. மற்ற இரண்டும் தெளிவாகவே 4 என்கின்றன. ஆனாலும் 4-இன் சராசரி 0.487, 9-இன் சராசரி 0.513. ஒரு மாடலின் வீறாப்பு மற்ற இரண்டையும் சாய்த்துவிட்டது. இங்கே ஹார்ட் வோட்டிங்தான் சரியான பதிலைத் தரும்.

ஆக, சாஃப்ட் வோட்டிங் நல்லதா என்பது அந்த நிகழ்தகவு எண்களை நம்பலாமா என்பதைப் பொறுத்தது. சோதிப்பது கஷ்டமில்லை. பயிற்சியில் காட்டாத படங்களில், ஒரு மாடல் 0.95-க்கு மேல் கொடுத்தவற்றை மட்டும் தனியே எடுங்கள். அவற்றில் நூற்றுக்கு 95-க்குக் குறையாமல் சரியாக இருக்க வேண்டும். 80 தான் சரி என்றால் அந்த மாடல் அளவுக்கு மீறி உறுதியாகப் பேசுகிறது. `CalibratedClassifierCV`-இல் போட்டு அதை நிதானப்படுத்திவிட்டு அப்புறம் சராசரியில் சேருங்கள். ராண்டம் ஃபாரஸ்ட் இதற்கு நேர் எதிர்: எல்லா மரங்களும் ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் அதன் எண்கள் 0, 1 இரண்டிலிருந்தும் உள்ளே தள்ளியே நிற்கும். தெரிந்தாலும் தயங்கிப் பேசும் ரகம். இப்படிப்பட்டவரை வீறாப்புக்காரரோடு ஒரே சராசரியில் உட்காரவைத்தால் யார் குரல் எடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

நிகழ்தகவே கொடுக்காத மாடல் என்றால் பேச்சே இல்லை, ஹார்ட் தான். `LinearSVC`-இல் `predict_proba` கிடையாது. சைகிட்-லேர்னில் ஓட்டுகளைச் சேர்க்கும் `VotingClassifier`-இல், `voting='soft'` என்று போட்டு அதை அப்படியே சேர்த்தால் பிழைச்செய்திதான் வரும்.

ஹார்ட் வோட்டிங்கில் பலர் கவனிக்காத ஒரு பள்ளம் உண்டு. `VotingClassifier`-இல் ஓட்டு சமமானால், லேபிள்களை ஏறுவரிசையில் அடுக்கி முதலில் வருவதையே எடுத்துக்கொள்ளும். இரண்டே மாடலை வைத்து, எடை எதுவும் கொடுக்காமல் ஹார்ட் வோட்டிங் போட்டால், ஒன்று 4, இன்னொன்று 9 என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் 4 தான் ஜெயிக்கும். எந்த எண் எதுவாக மாறிப்போனது என்று எண்ணிக் காட்டும் குழப்ப அட்டவணையில் நிறைய 9-கள் 4 ஆகியிருக்கின்றன, 4-கள் 9 ஆவது மட்டும் அபூர்வமாக இருக்கிறது என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மூன்று மாடல் வைத்தாலும் பத்து வகுப்பு இருப்பதால் 9, 1, 4 என்று ஆளுக்கு ஒன்று சொல்ல இடமுண்டு. அப்போது பதில் 1 ஆகிவிடும், அதுவே வரிசையில் முதல் என்ற ஒரே காரணத்துக்காக. இந்த மாதிரி இடத்தில் சாஃப்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவேன்.

சரி, இதுவரை எடுத்த எல்லாப் படத்திலும் மாடல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அது தற்செயல் இல்லை. மூன்றும் ஒரே எண்ணை முதலிடத்தில் வைத்தால், தலையை எண்ணினாலும் சராசரி எடுத்தாலும் அதே எண்தான் வரும். ஹார்டா சாஃப்டா என்ற சண்டைக்கு இடமிருப்பது மாடல்கள் ஒத்துப்போகாத படங்களில் மட்டுமே. மூன்றும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்யும் படத்தை இரண்டு முறையாலும் காப்பாற்ற முடியாது. ஒரே கைடைப் படித்துவிட்டு வந்த மூன்று மாணவர்களிடம் விடை கேட்பது போலத்தான். கைடில் தப்பாக அச்சாகியிருந்தால் மூவரும் அதையே எழுதுவார்கள்.

இதன் வீச்சு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 100 படங்கள், 4 அல்லது 9 மட்டும். மூன்று மாடல்கள், ஒவ்வொன்றும் 80 சரி, 20 தப்பு. மூன்றும் அதே 20 படங்களில் தவறினால் கூட்டணிக்கும் 80 தான். இரண்டு மாடல்களைப் பழக்கிய நேரம் வீண். தப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுந்தால், மூன்றும் சரியாக இருக்க 0.512, சரியாக இரண்டு மட்டும் சரியாக இருக்க 0.384, கூட்டினால் 0.896. கிட்டத்தட்ட 90. தப்புகள் ஒரு படத்தில்கூட மோதாமல் 60 படங்களில் ஆளுக்கு 20 ஆகப் பிரிந்தால், ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேர் சரி, கூட்டணிக்கு 100. கடைசியாக ஒரு மோசமான நிலைமை: மொத்தம் 60 தப்புகளும் ஜோடி ஜோடியாக 30 படங்களில் விழுகின்றன. அந்த 30 படத்திலும் பெரும்பான்மை தப்பு, கூட்டணிக்கு 70. தனித்தனியாக 80 எடுத்தவை சேர்ந்து 70 எடுக்கின்றன!

தனித்தனி மதிப்பெண் நான்கு நிலையிலும் ஒன்றுதான். கூட்டணியின் மதிப்பெண் மட்டும் 70-க்கும் 100-க்கும் இடையில் ஆடுகிறது. அதனால் மாடல்களின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து யாரைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய முடியாது. தப்புகள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று பார்க்க வேண்டும். கீழே `a`, `b` ஒப்பிடும் இரண்டு மாடல்கள், `X` படங்கள், `y` அவற்றின் உண்மையான எண்கள்:

```python
from sklearn.model_selection import cross_val_predict

wa = cross_val_predict(a, X, y, cv=5) != y
wb = cross_val_predict(b, X, y, cv=5) != y
print(wa.sum(), wb.sum(), (wa & wb).sum())
```

`cross_val_predict` ஒவ்வொரு படத்துக்கும், அதைப் பார்க்காமல் பழகிய மாடலின் பதிலைத் தருகிறது. பழகிய படத்திலேயே சோதித்தால் தப்புகளே தெரியாது, அதனால் இது முக்கியம். கடைசியில் வரும் எண், இரண்டும் சேர்ந்து தவறிய படங்கள். உதாரணத்துக்கு 1800 படங்களில் ஆளுக்கு 60 தப்பு என்று வைப்போம். சம்பந்தமே இல்லாத தப்புகளாக இருந்தால் சராசரியாக 60 × 60 ÷ 1800, அதாவது 2 படங்களில்தான் இரண்டும் சேர்ந்து தவறும். நடைமுறையில் 2 வராது. அலங்கோலமாக எழுதிய எண் எல்லா மாடலுக்கும்தான் கஷ்டம். 15, 20 வந்தால் சேர்க்கலாம், பலன் இருக்கும். 50 வந்தால் இரண்டாவது மாடல் முதலாவதின் நகல்தான். அதன் ஓட்டு முதல் மாடலுக்கே இன்னொரு ஓட்டு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வித்தியாசத்தை எப்படி வரவழைப்பது? லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை `random_state` மாற்றி மூன்று தடவை ஓட்டுவதால் ஒன்றும் நடக்காது. பழகும்போது தப்பை அளக்கும் அதன் இழப்புச் சார்பு ஒரே பள்ளம் கொண்டது. எங்கிருந்து கிளம்பினாலும் அதே அடியில்தான் போய் நிற்கும். முடிவு மரம் அப்படியில்லை, தரவு கொஞ்சம் மாறினாலே வேறு உருவம் எடுக்கும். 2001-இல் லியோ பிரைமன் ராண்டம் ஃபாரஸ்டை முன்வைத்தபோது இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு மரத்துக்கும் தரவிலிருந்து தனி மாதிரி, ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் சில அம்சங்களை மட்டும் பார்க்க அனுமதி. மரம் தனியாக கொஞ்சம் மட்டமாகிறது, ஆனால் மரங்களின் தப்புகள் பிரிந்துபோகின்றன. பிரைமன் மரங்களை ஓட்டுப் போடவைத்தார். சைகிட்-லேர்னோ மரங்களின் நிகழ்தகவைச் சராசரி எடுக்கிறது. ஒரே முறையில் ஹார்டும் உண்டு, சாஃப்டும் உண்டு.

வேறுவேறு குடும்பத்து மாடல்களை எடுப்பது சுலபமான வழி. ஆனால் வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக மட்டமான மாடலைச் சேர்க்க வேண்டாம். மற்றவை 95 எடுக்கும் இடத்தில் 70 எடுப்பதும் வித்தியாசமாகத்தான் தவறும்.

எண்களைப் படிக்கும் இதே வேலையில், தப்புகளைத் திட்டம்போட்டே பிரித்ததற்கு நல்ல உதாரணம் 1998-இல் யான் லெகுன் குழு வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. லெநெட்-4 என்ற நரம்பு வலைப்பின்னலில் மூன்றைச் சேர்த்தார்கள். முதலாவதை வழக்கம்போல் பழக்கினார்கள். இரண்டாவதுக்குக் கொடுத்த படங்களில் பாதி முதலாவது சரியாகச் சொன்னவை, பாதி தவறவிட்டவை. மூன்றாவதுக்கு, முதல் இரண்டும் முரண்பட்ட படங்கள் மட்டும். முதலாவதின் தப்புகள் ரொம்பக் குறைவு என்பதால், போதுமான படங்கள் கிடைக்க, இருப்பவற்றையே வளைத்தும் சாய்த்தும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. தனி லெநெட்-4-இன் தப்பு விகிதம் 1.1 சதவீதம், மூன்றும் சேர்ந்தபோது 0.7. சோதனையில் மூன்றின் வெளியீட்டையும் வெறுமனே கூட்டினார்கள், அதாவது சாஃப்ட் பக்கம். முதல் வலைப்பின்னல் நல்ல உறுதியோடு பதில் சொல்லிவிட்டால் மற்ற இரண்டையும் கூப்பிடுவதே இல்லை. அதனால் மூன்று பேர் கூட்டணிக்கு ஆன சராசரிக் கணக்கீட்டுச் செலவு, தனி ஒன்றுக்கு ஆவதைப்போல் சுமார் 1.75 மடங்குதான்.