வெப்சைட் செய்து தருபவரிடம் மெயில் ஐடி கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

23,500 ரூபாய். டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். வாங்கியது ஒரு வெப் டிசைன் கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. தீபாவளி ஆர்டர் வரும் நேரத்தில் என் பலகாரக் கடையின் வெப்சைட்டும் மெயிலும் சேர்ந்து செத்துப்போனதற்குக் காரணம் ஒரே ஒரு எழுத்து.

பணம் கட்டிய அன்று என் ஜிமெயில் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கடையில் இருந்த தம்பி டைப் அடித்துக்கொண்டே, "கடைசில ஜிமெயில் டாட் காம்தானே சார், அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா" என்று சிரித்தார். ஸ்கிரீன் அவர் பக்கம்தான் இருந்தது. பேச்சும் மரியாதையும் அவ்வளவு நன்றாக இருந்ததால், நம்பி 23,500-ஐ ஜிபேயில் போட்டுவிட்டு வந்தேன்.

அவர் அடித்தது `gmail.con`. கீபோர்டில் m-க்குப் பக்கத்தில் n. மெயில் ஐடி கேட்கும் கட்டம் பெரும்பாலும் இதைத் தடுக்காது. @ இருக்கிறதா, எழுத்தெல்லாம் முறையாக இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அப்படி ஒரு டொமைன் உலகத்தில் உண்டா என்று பார்க்காது.

.com டொமைன் பதிவு செய்தால், உரிமையாளரின் மெயிலுக்கு உறுதிசெய்யச் சொல்லி ஒரு லிங்க் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்திவைக்கலாம் என்பது, டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் விதி. அந்த மெயில் எனக்கு எப்படி வரும்? அனுப்பும் சர்வர் முதலில் @-க்குப் பின்னால் இருக்கும் பெயரை, இணையப் பெயர்களுக்கான முகவரிப் புத்தகம் போன்ற டிஎன்எஸ்ஸில் தேடி, மெயிலை எந்த சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கும். அதைச் சொல்வது எம்எக்ஸ் பதிவு. `.con` என்று ஒரு முடிவே கிடையாது என்பதால் அங்கேயே கதை முடிந்தது. திரும்பி வரும் தகவலும் அனுப்பிய கம்பெனியின் நோ-ரிப்ளை பெட்டிக்குத்தான் போகும். எனக்கு எதுவும் வராது.

லிங்க்கை அழுத்தாததால் டொமைன் clientHold, அதாவது நிறுத்திவைக்கப்பட்ட நிலைக்குப் போனது. அந்த நிலையில் என் டொமைன் பெயரே டிஎன்எஸ்ஸில் இல்லாமல் போகும். ஒரு கம்பெனி மொத்த ஆர்டருக்கு மெயில் போட்டிருக்கிறது. டொமைனைக் கண்டுபிடிக்க முடியவில்லை, எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்று அவர்களுக்குப் பதில் வந்திருக்கிறது. என் விசிட்டிங் கார்டில்தான் தப்பு என்று நினைத்து வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

வெப் டிசைன் கடைக்குப் போன் செய்தால், "எல்லா மெயிலும் சென்ட் ஆகியிருக்கு சார், ஸ்பேம்ல பாருங்க." சென்ட் என்றால் அவர்கள் பெட்டியை விட்டுக் கிளம்பியது என்றுதான் அர்த்தம், என் பெட்டிக்கு வந்தது என்று இல்லை. அடுத்து, "சர்வர் பிராப்ளம், ரெண்டு நாள்ல வந்துடும்." அதற்கு அடுத்து, "டெக்னிக்கல் டீம் லீவு." நேரில் போய் நின்று, டொமைன் விவரங்கள் இருக்கும் பேனலைத் திறக்கச் சொன்ன பிறகுதான் அந்த `.con` கண்ணில் பட்டது. அப்போதும் மன்னிப்பு இல்லை. ரீஸ்டோர் சார்ஜ் 4,000 கேட்டார்கள்! முகவரியைத் திருத்தி, மறுபடி லிங்க் அனுப்பி, நான் அழுத்தியதோடு முடிந்த வேலை அது. 23,500 வாங்கியவர்கள் இதற்கும் காசு கேட்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரமாட்டேன் என்கிறது. சுருக்கமாக: ஸ்கிரீனைத் திருப்பச் சொல்லுங்கள். @-க்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாக ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள், அப்படிப் படித்தால் கண் தானாக நிரப்பிக்கொள்ளாது. சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரின் கமாண்ட் விண்டோவில் இதை அடியுங்கள்:

```
nslookup -type=mx gmail.con
```

Non-existent domain அல்லது NXDOMAIN என்று வந்தால் மெயில் எங்கேயும் போகாது. ஆனால் பதில் வந்துவிட்டதாலேயே முகவரி சரி என்று நினைக்காதீர்கள். பிரபலமான பெயர்களை ஓர் எழுத்து மாற்றிப் பதிவு செய்து, வரும் மெயிலையெல்லாம் வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால், மெயில் போகவில்லை என்று திரும்பி வரும் பவுன்ஸ்கூட வராது. @-க்கு முன்னால் ஓர் எழுத்து மாறினால் யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரலாம். டொமைன் இருந்து சர்வர் மட்டும் பதில் சொல்லாவிட்டால், நாலைந்து நாள் முயன்ற பிறகுதான் தோல்வி என்றே தெரியவரும்.

அதனால் அங்கேயே உட்கார்ந்து, அவர்கள் பேனலில் இருக்கும் அதே முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லி, உங்கள் போனில் வந்ததைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டொமைன் லாகினையும் அன்றைக்கே கையோடு வாங்கிவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 23,500-க்கு அவர்கள் கொடுத்த பில்லில்கூட என் மெயில் ஐடி `.con` என்றுதான் அச்சாகியிருக்கிறது. அதையும் சேர்த்தே இணைத்திருக்கிறேன்.