ஐந்து ‘ஏன்’களா, மீன்முள் படமா? ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு எது உதவும்

“கல்லூரி கேன்டீனில் கூட்டம் அதிகம், முன்பதிவு செய்ய ஆப் இல்லை.” ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இப்படி எழுதினால் அது பிராப்ளம் ஸ்டேட்மென்ட் ஆகாது. முதல் பாதி கண்ணுக்குத் தெரியும் அறிகுறி, மறுபாதி நீங்கள் ஏற்கனவே செய்ய முடிவெடுத்துவிட்ட தீர்வு. மூல காரணம் எங்கேயும் இல்லை.

அதைத் தேட பெரும்பாலும் இரண்டு வழிகள் சொல்லித் தருகிறார்கள். ஒன்று டொயோட்டாவில் வளர்ந்த ஐந்து ‘ஏன்’: கிடைக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போவது. வேகமானது, தாள்கூட வேண்டாம். ஆனால் ஒரே சங்கிலியில் இழுத்துக்கொண்டு போய்விடும். ஏன் வரிசை? பில் போட நேரமாகிறது. ஏன்? சில்லறை இல்லை. இதே கேள்விக்கு டீமில் இன்னொருவர், எல்லா வகுப்புக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை விடுகிறார்கள் என்பார், அதற்கு அடுத்த ‘ஏன்’ டைம்டேபிளுக்குப் போகும். இரண்டுமே நியாயமாகத்தான் தெரியும், எது சரி என்று இந்த முறை சொல்லாது.

மற்றது, சிக்கலைத் தலையாகவும் காரணங்களை முட்களாகவும் வரையும் கவோரு இஷிகாவாவின் மீன்முள் படம். ஆள், இயந்திரம், பொருள், முறை என்று கிளை பிரிப்பதால் டைம்டேபிளும் சில்லறையும் ஒரே தாளில் வந்துவிடும். தொல்லை என்னவென்றால், கிளை காலியாக இருக்கக் கூடாதே என்று “விழிப்புணர்வு இல்லை” போன்றவற்றையும் எழுதி நிரப்புவார்கள், எல்லா முள்ளும் ஒரே கனமாகத் தெரியும்.

என் தேர்வு: முதலில் மீன்முள், அப்புறம் அளவீடு, கடைசியில் மிஞ்சிய முள்ளில் மட்டும் ‘ஏன்’. நடுவில் வரும் அளவீட்டைத் தவிர்த்தால் இரண்டு முறையும் வெறும் ஊகம்தான். மதிய இடைவேளையில் ஒவ்வொருவரும் வரிசையில் சேரும் நேரம், பில் வாங்கும் நேரம், தட்டு வாங்கும் நேரம் மூன்றையும் குறியுங்கள். உதாரணத்துக்கு, பத்து நிமிடத்துக்குள் 200 பேர் சீராக வருகிறார்கள், ஒரு பில்லுக்கு 15 விநாடி, கவுன்டர் ஒன்று என்று வையுங்கள். நிமிடத்துக்கு நான்கு பேர்தான் நகர முடியும், கடைசி ஆள் ஏறத்தாழ 40 நிமிடம் நிற்பார். இடைவேளையை 25 நிமிட இடைவெளியில் இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டால் அது 15 நிமிடமாகிறது. இரண்டாவது கவுன்டர் போட்டாலும் அதே 15. ஆக, ஒரே நேரத்தில் குவிவதும் ஒற்றைக் கவுன்டரும் சேர்ந்துதான் காரணம், ஒன்றை மட்டும் எழுதினால் பாதிதான். பில் வாங்கிய பிறகுதான் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று குறிப்பு காட்டினால் கதையே வேறு: சிக்கல் பரிமாறும் இடத்தில், ஆப் வந்தாலும் வரிசை அங்கே போய் நிற்கும்.

இப்போது எழுதுங்கள்: “மதிய இடைவேளையில் பில் கவுன்டரில் மாணவர்கள் 40 நிமிடம் வரை காத்திருக்கிறார்கள். 200 பேர் பத்து நிமிடத்துக்குள் வருகிறார்கள், ஒரே கவுன்டர் நிமிடத்துக்கு நான்கு பில்தான் போடுகிறது என்பதே இதற்குக் காரணம் என்று நேரக் குறிப்புகள் காட்டுகின்றன.” முதல் வாக்கியம் அறிகுறி, அடுத்தது சான்றோடு காரணம். தீர்வு இதில் வேண்டாம், அது அடுத்த அத்தியாயத்துக்கு உரியது.