போன் பறிபோனபோது எது திரும்பியது, எது திரும்பவில்லை

டர்பனுக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாமே எஸ்எம்எஸ் ஓடிபிதான். ஒருமுறை அம்மாவைப் பார்க்கத் திருச்சி போனபோது ரோமிங் கிடைக்கவில்லை. மூன்று நாள் மெயிலைத் திறக்க முடியாமல் தவித்தேன். திரும்பி வந்ததும் அத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறினேன். இப்போது நான்கு வருடம் ஆகிறது.

ஆப்புக்கு நெட்வொர்க் தேவையில்லை. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போதே ஒரு ரகசியச் சாவி போனுக்குள் வந்துவிடுகிறது. அதையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, 30 வினாடிக்கு ஒரு புது 6 இலக்க எண்ணைப் போனே கணக்கிடுகிறது. தளமும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டு ஒத்துப் பார்க்கிறது. எஸ்எம்எஸ் கோடு அப்படியில்லை, சிம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். நம் நம்பரில் வேறொருவன் புது சிம் வாங்கிவிடும் சிம் ஸ்வாப் மோசடி இங்கே அடிக்கடி காதில் விழும், அதற்கு இடம் கொடுப்பதும் இதுதான். ஆனால் போலித் தளத்தில் நாமே கோடைத் தட்டிக் கொடுத்தால் ஆப்பும் காப்பாற்றாது.

போன வருடம் வார்விக் சந்தைப் பக்கம் என் போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணி தன் போனை நீட்டி, "முதல்ல சிம்மை நிறுத்துங்க தம்பி, அழுகிறது அப்புறம்" என்றார். சரியான யோசனை. நான் சிம்மைப் பூட்டும் PIN நம்பர் போட்டிருக்கவில்லை. திருடன் அதை வேறு போனில் போட்டு 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் கோடு அவன் கைக்கே போயிருக்கும். அடுத்து, ஏற்கெனவே லாகின் ஆகியிருந்த லேப்டாப்பிலிருந்து போனைப் பூட்டினேன்.

மறுநாள் அடையாள அட்டையைக் காட்டி அதே நம்பரில் புது சிம் வாங்கினேன். இன்னும் எஸ்எம்எஸ்ஸிலேயே விட்டிருந்த கணக்குகள் அன்றே திரும்பிவிட்டன. ஆப் மட்டும் புதுப் போனில் காலியாகத் திறந்தது. கணக்கோடு இணைத்திருந்தால் சாவிகள் திரும்ப வந்திருக்கும். நான்தான் இணைக்காமல் விட்டிருந்தேன். ஜிமெயில் தந்த 10 பேக்கப் கோடுகளை அச்செடுத்துப் பூஜை அலமாரியில் வைத்திருந்ததால் பிழைத்தேன். ஒரு கோடை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அதை வைத்து உள்ளே போய்ப் பழைய அத்தென்டிகேட்டரை நீக்கி, புது க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன். அதோடு திருட்டுப் போனில் இருந்த சாவி செல்லாததாகிவிட்டது. பிறகு பேக்கப் கோடுகளையும் புதிதாக எடுத்துக்கொண்டேன்.

என் வெப்சைட்டின் டொமைன் கணக்குக்குக் கோடு எதுவும் எடுத்து வைக்கவில்லை. அடையாள அட்டைப் படம், பழைய ரசீது என்று ஒவ்வொன்றாக அனுப்பி, 11 நாள் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

இப்போதெல்லாம் புதுக் கணக்கு தொடங்கினால் அதே க்யூஆர் கோடை வீட்டிலிருக்கும் பழைய போனிலும் ஸ்கேன் செய்கிறேன். இரண்டிலும் ஒரே எண்தான் வரும். ஒருமுறை பழைய போனின் கோடு ஏற்கப்படவில்லை. பார்த்தால், சிம் இல்லாமல் கிடந்த அதன் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தது. வைஃபையில் இணைத்து நேரத்தைத் தானியங்கியாக மாற்றியதும் அடுத்த எண்ணே வேலை செய்தது.