கட்டுவிரியனும் ஒடுவன்தழையும்: ஒரே அமிலம், இரண்டு கணக்கு

ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஜவ்வாது மலையடிவாரப் பக்கமிருந்து வேலூருக்கு வரும் ஆம்புலன்ஸ்களில் இந்த இருவருமே வருவதுண்டு. ஒருவர் தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் தீண்டியவர். இன்னொருவர் ஒடுவன்தழை நஞ்சு உட்கொண்டவர். தமனி ரத்தப் பரிசோதனையில் இருவரின் pH-உம் 7.35-க்குக் கீழே, அமிலப் பக்கம் இருக்கும். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது என்பதற்கு இவர்களை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் பாம்புக்கடிக்காரரை எடுத்துக்கொள்வோம். அறிக்கைத் தாளில் pH 7.23, கரியமில வாயுவைக் காட்டும் pCO2 64, பைகார்பனேட்டைக் காட்டும் HCO3 26 என்று இருக்கிறது. pCO2-வின் இயல்பளவு 35 முதல் 45 வரை. pH இறங்கியிருக்க, pCO2 ஏறியிருக்கிறது; எனவே இது சுவாச அமிலமிகை. விஷம் மூச்சுத் தசைகளைத் தளர்த்திவிட்டதால் கரியமில வாயு வெளியேறாமல் தேங்கிவிட்டது. ஆக்சிஜன் முகமூடி போட்டிருந்தால் விரலில் மாட்டிய கருவி 98 என்றுகூடக் காட்டும்; அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இமை சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். சற்று முன் இருபது வரை போனவர் இப்போது எட்டிலேயே நின்றுவிட்டால், அடுத்த ரத்த மாதிரியில் pCO2 இன்னும் ஏறியிருக்கும்.

இங்கே பைகார்பனேட்டைக் கூட்டி இந்த அமிலத்தை ஈடுகட்ட வேண்டியது சிறுநீரகம். அது மெதுவாக வேலை செய்யும். முழு ஈட்டுக்கு மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். அதுவரை pCO2 40-க்கு மேல் 10 ஏறினால் பைகார்பனேட் 1 மட்டுமே ஏறும். இங்கே pCO2 24 ஏறியதற்கு, பைகார்பனேட்டின் இயல்பளவான 24-உடன் 2.4 சேர்த்தால் ஏறக்குறைய 26 வருகிறது; கணக்கு பொருந்துகிறது. இதே 64 பல வருடமாகப் பீடி குடித்து நுரையீரல் கெட்ட முதியவருக்கு இருந்து, HCO3 33, pH 7.34 என்று வந்தால் அது நாள்பட்ட தேக்கம். அவருக்கு 10-க்கு 3.5 முதல் 4 வரை ஏறியிருக்கும்.

ஒடுவன்தழை வேறு வழியில் தாக்குகிறது. சிறுநீரக நுண்குழல்கள் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் போகிறது, பொட்டாசியமும் சிறுநீரில் வீணாகிறது. அறிக்கை: pH 7.29, pCO2 26, HCO3 12. சோடியம் 138, குளோரைடு 115. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் 11. எதிர்மின் அயனி இடைவெளி எனப்படும் இந்த எண் இயல்பாகவே இருக்கிறது. சர்க்கரை நோயின் கீட்டோன் அமிலமாக இருந்தால் இந்த இடைவெளி பெரும்பாலும் விரிந்திருக்கும்.

இது வளர்சிதைமாற்ற அமிலமிகை, ஈடுகட்டுவது நுரையீரல். அது சில நிமிடங்களிலேயே தொடங்கி, ஒரு நாளுக்குள் முழு அளவை எட்டிவிடும். pCO2 எவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது:

```
pCO2 = 1.5 × HCO3 + 8 (± 2)
```

12-க்கு 26 வருகிறது. நோயாளி ஆழமாக, வேகமாக மூச்சு விட்டு அந்த அளவைப் பிடித்து வைத்திருக்கிறார்.

சில மணி நேரம் கழித்து அதே நோயாளியின் அறிக்கை: pH 7.12, pCO2 38, HCO3 12. நான் மிகவும் அஞ்சுவது இந்தத் தாளைத்தான். 38 இயல்பளவுக்குள் இருப்பதால் பரிசோதனைக் கருவி அதற்கு எந்தக் குறியும் போடாது. மூச்சும் தணிந்திருப்பதால் அருகில் இருப்பவர்கள் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இருக்க வேண்டியது 26. பொட்டாசியம் 2.3-க்கு இறங்கி மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டன. வளர்சிதைமாற்ற அமிலமிகையின் மேல் சுவாச அமிலமிகையும் ஏறிவிட்டது. பைகார்பனேட் ஊசியை மட்டும் அவசரமாகச் செலுத்தினால் பொட்டாசியம் மேலும் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும். இதயத் துடிப்பைத் திரையில் கவனித்தபடி பொட்டாசியத்தை ஏற்றுவதுதான் முதல் வேலை.

எது எளிது என்று கேட்டால், பாம்புக்கடித் தாள்தான். வென்டிலேட்டரை வழக்கமான அளவில் வைத்து pCO2-வை 40-க்குக் கொண்டுவந்தால் அவருடைய pH சரியாகிவிடும். பீடி குடித்த முதியவரை அதே 40-க்கு வேகமாக இறக்கினால், சேர்ந்திருக்கும் பைகார்பனேட் அவரை 7.5-க்கு மேல், காரப் பக்கம் தள்ளிவிடும். ஒடுவன்தழை நோயாளிக்கு 40 வைத்தாலோ, அவரே போராடிப் பிடித்திருந்த ஈட்டை நாமே பறித்தவர்கள் ஆவோம். குழாய் போட்டவுடன் கருவியின் மூச்சு எண்ணிக்கையைக் கூட்டி, பைகார்பனேட் தேறும் வரை pCO2-வை 26-ஐ ஒட்டியே வைத்திருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மறுபடியும் ரத்தம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.